5 லட்சம் சம்பளம், வங்கியில் விழுந்தது 32,460: மீதி எங்கே?

பொன்மலை | 2 ஆகஸ்ட் 2025, காலை

மகனுக்குச் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஜூலை 1 அன்று சேர்ந்தான். சம்பளம் 5 லட்சம், வருடத்துக்கு. நான் 12ஆல் வகுத்து 41,667 என்று நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். நேற்று வங்கியில் விழுந்தது 32,460. குறைவது 9,207. கேட்டால் "அப்படித்தான்பா வரும்" என்கிறான். நான் 36 வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்பளம் வாங்கியவன். ஒரு ரூபாய் பிடித்தாலும் ஸ்லிப்பில் ஒரு வரி இருக்கும். இவன் ஸ்லிப்பில் 1,800 மட்டும்தான் பிடித்தம். மீதி 7,407 எங்கே போயிற்று என்று ஸ்லிப்பிலேயே இல்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா, பையன் ஏமாற்றுகிறானா?

கோவைக்காரன் | 2 ஆகஸ்ட் 2025

வருமான வரி. வேறென்ன? எனக்கும் மாதாமாதம் பிடிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | 2 ஆகஸ்ட் 2025, இரவு

வரி இல்லை. இந்த நிதியாண்டிலிருந்து புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. அதற்கு முன்பே நிலைக்கழிவு 75,000 போய்விடும். இந்தப் பையன் எப்படிக் கூட்டினாலும் அந்த எல்லைக்குள்தான் நிற்பான். கோவைக்காரர் தன் பே ஸ்லிப்பை வைத்து அடுத்தவர் பே ஸ்லிப்பைப் படிக்கிறார்.

பொன்மலை ஐயா, ஸ்லிப்பைத் தள்ளி வையுங்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும், அனெக்‌ஷர் என்று தலைப்புப் போட்டு. அதை வரிக்கு வரி இங்கே அடியுங்கள். பதினான்கு வருடம் இந்த அட்டவணைகளைத் தயார் செய்ததுதான் என் பிழைப்பு. மீதிப் பணம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

பொன்மலை | 3 ஆகஸ்ட் 2025

பையனிடம் வாங்கிவிட்டேன். எல்லாம் வருடக் கணக்கு.

பேசிக் 1,92,000
எச்.ஆர்.ஏ. 96,000
ஸ்பெஷல் அலவன்ஸ் 1,23,120
கம்பெனியின் பி.எஃப். பங்கு 21,600
கிராஜுவிட்டி 9,235
மருத்துவக் காப்பீடு 8,045
வேரியபிள் பே 50,000

கூட்டினேன். 5,00,000 சரியாக வருகிறது. ஒரு ரூபாய் பிசகவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 3 ஆகஸ்ட் 2025, இரவு

முதல் மூன்று வரிதான் மாதாமாதம் வரும் சம்பளம். 4,11,120. பன்னிரண்டால் வகுத்தால் 34,260. ஸ்லிப்பில் மொத்தம் என்று இருப்பது இதுவாகத்தான் இருக்கும். இதில் பையனின் பி.எஃப். பங்கு 1,800 போனால் 32,460. வங்கிக்கு வந்தது அதே தொகை. பையனைச் சந்தேகப்பட்டதற்கு இன்று இரவு அவனுக்குப் பிடித்ததைச் சமைக்கச் சொல்லுங்கள்.

மீதி நான்கு வரி சம்பளமே இல்லை. அவனை வேலையில் வைத்திருக்கக் கம்பெனிக்கு ஆகும் செலவு. அந்த 5 லட்சத்தைச் சி.டி.சி. என்பார்கள், காஸ்ட் டு கம்பெனி. அதன் பொருளே அதுதான். மாதக் கணக்கில் சொன்னால் வேரியபிள் 4,167, கம்பெனியின் பி.எஃப். பங்கு 1,800, கிராஜுவிட்டி 770, காப்பீடு 670. நீங்கள் தேடிய 7,407 இதுதான். ஸ்லிப்பில் ஏன் இல்லை என்றால், இவை எதுவும் அவன் கைக்கு வந்து பிடிக்கப்பட்டவை அல்ல. வராத பணத்துக்குப் பிடித்தம் எழுத முடியாது.

ஏமாற்று என்று சொல்ல முடியாது. முழுக்க நேர்மை என்றும் சொல்ல மாட்டேன். சி.டி.சி. என்ற சொல்லை எந்தத் தொழிலாளர் சட்டமும் வரையறுக்கவில்லை. அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது கம்பெனியின் கையில். மதியச் சாப்பாட்டுச் செலவையும் அலுவலகப் பேருந்துச் செலவையும் சேர்க்கும் கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். நானே சேர்த்துக் கொடுத்தும் இருக்கிறேன்.

யாழ்வாசி | 4 ஆகஸ்ட் 2025

தலைப்பைப் பார்த்துத் திகைத்துப் போனேன். 5 லட்சம் எண்டால் மாதத்துக்கு எண்டுதான் நினைச்சன், எங்கட ரூபாயில். எங்கட பக்கம் ஆரும் வருசச் சம்பளம் சொல்லுறதில்லை. வேலை விளம்பரத்திலும் மாதக் கணக்குத்தான். ஐ.டி.யில் கொஞ்சம் மேல போனவருக்கு மாதம் 5 லட்சம் இருக்கும், நம்பக்கூடிய கதைதான். அதில் 32 ஆயிரம்தான் கைக்கு வந்தது எண்டால் பொலிசுக்குத்தான் போகவேணும்!

எங்களுக்கும் ஈ.பி.எஃப். இருக்கு. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதுக்கு மேல ஈ.டி.எஃப். 3 வீதம். ஆனால் முதலாளி போடுறதை என்ர சம்பளம் எண்டு நான் ஒருக்காலும் சொன்னதில்லை.

பொன்மலை | 4 ஆகஸ்ட் 2025

யாழ்வாசி சொல்வதுதான் எனக்குப் பழக்கம். சம்பளம் என்றால் மாதம். எங்கள் காலத்தில் பெண் கேட்கப் போனாலும் "மாசம் எவ்வளவு, பிடித்தம் போக எவ்வளவு" என்பார்கள். அதற்கு மேல் கேள்வி இருந்ததில்லை.

நடுவீட்டு அம்மா | 5 ஆகஸ்ட் 2025

இப்போது அப்படிக் கேட்க முடியவில்லையே. என் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் "பையனுக்குப் பன்னிரண்டு லட்சம் பேக்கேஜ்" என்கிறார். மாதம் ஒரு லட்சம் கையில் வருமா என்று கேட்டால் முகம் மாறுகிறது. இன்னொரு வீட்டில் "ஒண்ணரை" என்று மட்டும் சொன்னார்கள். ஒண்ணரை என்ன? மாதம் ஒன்றரை லட்சமா, வருடம் ஒன்றரைக் கோடியா? கேட்டால் பணத்தாசை பிடித்தவர்கள் என்று ஆகிவிடும். எங்கள் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

கோவைக்காரன் | 5 ஆகஸ்ட் 2025

வருடம் ஒன்றரைக் கோடி வாங்குபவன் தரகரிடம் ஜாதகம் கொடுக்க மாட்டான் அம்மா.

பொன்மலை ஐயாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். பி.எஃப். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மாதம் 3,600 கூடுதலாகக் கையில் வரும். என் நண்பன் அப்படித்தான் செய்தான். கிராஜுவிட்டி மொத்தமும் காகிதப் பணம், ஐந்து வருடத்துக்கு முன் விலகினால் கிடையாது. எந்தப் பையன் இப்போது ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருக்கிறான்?

கணக்குப்பிள்ளை | 6 ஆகஸ்ட் 2025

கோவைக்காரர் சொன்னதில் பாதி சரி. கிராஜுவிட்டி பற்றிச் சொன்னது சரிதான். அட்டவணையில் இருக்கும் 9,235 பேசிக்கில் 4.81 சதவீதம். அது வருடத்துக்குப் பதினைந்து நாள் பேசிக், மாதத்தை 26 நாளாக வைத்து. ஐந்து வருடம் முடிக்காமல் தானாக விலகினால் அது கம்பெனியிடமே நின்றுவிடும். கொடுக்க வேண்டி வராமல் போகக்கூடிய பணத்தை முதல் நாளே அவன் சம்பளமாகக் காட்டுவது எனக்கு அப்போதும் பிடிக்காது. மேலிடத்தில் சொன்னால் "மற்ற கம்பெனிகள் காட்டுகின்றன, நாம் காட்டாவிட்டால் நம் எண் சிறிதாகத் தெரியும்" என்பார்கள்.

பி.எஃப். பற்றிச் சொன்னது இவனுக்குப் பொருந்தாது. பேசிக் 15,000க்கு மேல் இருந்து, அதற்கு முன் பி.எஃப். கணக்கே இல்லாதவர் மட்டும் வெளியே நிற்கலாம். அதையும் சேரும்போதே, படிவம் 11 நிரப்பும் நாளில் சொல்ல வேண்டும். ஒரு முறை உறுப்பினர் ஆகிவிட்டால் வேலையில் இருக்கும்வரை வெளியே வர முடியாது. இந்தப் பையனுக்கு முதல் மாதமே பிடித்துவிட்டார்கள், கதவு மூடிவிட்டது. வெளியே நின்றிருந்தாலும் 3,600 முழுதும் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தன் பங்கு 1,800ஐ அலவன்ஸாக மாற்றித் தர கம்பெனி சம்மதித்தால்தான் உண்டு.

போகட்டும், கம்பெனியின் அந்த 1,800 தொலைந்து போகவில்லை. அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், 550 பி.எஃப். கணக்கில் சேரும்.

கணக்குப்பிள்ளை | 6 ஆகஸ்ட் 2025, நள்ளிரவு

படுத்த பிறகு உறைத்தது. மேலே கடைசி வரி தப்பு. இந்தப் பையனின் பேசிக் மாதம் 16,000. செப்டம்பர் 2014க்குப் பிறகு முதன்முறையாகச் சேர்பவருக்குச் சம்பளம் 15,000ஐத் தாண்டினால் ஓய்வூதியத் திட்டத்தில் இடமே இல்லை. ஆகவே கம்பெனியின் 1,800 அப்படியே பி.எஃப். கணக்கில் விழ வேண்டும்.

விழ வேண்டும் என்கிறேன், விழுந்தது என்று சொல்லவில்லை. பி.எஃப். பிடித்தத்தை 15,000 வரைதான் கணக்கிடுகிறோம் என்பதால் சம்பளமும் 15,000 என்று நினைத்து, தகுதி இல்லாதவர்களுக்கும் 1,250ஐ ஓய்வூதியப் பக்கம் தள்ளிவிடுகிற பேரோல் மென்பொருள்கள் உண்டு. பின்னால் பணம் எடுக்கும்போதுதான் விண்ணப்பம் திரும்பி வரும், திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும். பையன் தன் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்தி தெரியும்: ஊழியர் பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியம். 1,800, 1,800, 0 என்று இருக்க வேண்டும். 1,800, 550, 1,250 என்று இருந்தால் இப்போதே எச்.ஆர்.க்கு ஒரு மின்னஞ்சல்.

பொன்மலை | 9 ஆகஸ்ட் 2025

அந்தக் காப்பீடு 8,045இல் நானும் அவன் அம்மாவும் இருக்கிறோமாம். எங்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி அட்டை இருக்கிறது. எங்கள் பேரில் அவன் சம்பளத்தில் பணம் போவது தெரிந்து அவன் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. பாஸ்புக்கில் இன்னும் எதுவும் ஏறவில்லை என்கிறான்.

கணக்குப்பிள்ளை | 10 ஆகஸ்ட் 2025

காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். வெளியில் இரண்டு பெரியவர்களுக்கு அந்த விலையில் யாரும் தர மாட்டார்கள்.

ஐயாவுக்கு ஒரு விளையாட்டு. உங்கள் கடைசி வருடச் சம்பளத்தோடு குவார்ட்டர்ஸ் வாடகை, குடும்பத்துக்கு இலவசப் பாஸ், ஆஸ்பத்திரி, கிராஜுவிட்டி, இன்று வரை வரும் பென்ஷன் எல்லாவற்றையும் விலை போட்டுக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் சி.டி.சி. பையனிடம் காட்டிவிடாதீர்கள்.

பொன்மலை | 12 ஆகஸ்ட் 2025

கூட்டினேன். இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் என்னைவிட ஏழை.

கணக்குப்பிள்ளை | 17 ஆகஸ்ட் 2025

ஒரு வாரமாக என் பழைய முட்டாள்தனம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பேரோல் பக்கம் வருவதற்கு முன் நான் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கையில் வந்தது மாதம் 28,000. சி.டி.சி. 4,20,000. அந்த எண் ஆஃபர் லெட்டரில் இருந்தது, என் தலையில் இல்லை. இன்னொரு இடத்தில் நேர்காணல். "இப்போதைய சி.டி.சி. எவ்வளவு?" நான் மனக்கணக்காக 28 பன்னிரண்டு போட்டு "மூன்று முப்பத்தாறு" என்றேன். பெருமையோடு, தயங்காமல்.

"சரி, இருபது சதவீதம் கூட்டித் தருகிறோம்" என்றார்கள். 4,03,200. நான் 28,000ஐ இருபது சதவீதம் கூட்டி 33,600 என்று வீட்டில் சொன்னேன். அவர்கள் கூட்டியது நான் தப்பாகச் சொன்ன எண்ணை, கொடுத்தது சி.டி.சி.யில். பழைய சி.டி.சி.யைவிட 16,800 குறைவு. புது இடத்தில் வேரியபிளும் இருந்ததால் முதல் மாதம் கையில் வந்தது 28,000க்கும் கீழே. இருபது சதவீத உயர்வோடு சம்பளம் குறைந்த ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான்.

மூன்று மாத பே ஸ்லிப் கேட்டு வாங்கினார்களே, அப்போதே தெரிந்திருக்காதா என்று பிறகு யோசித்தேன். பே ஸ்லிப்பில் சி.டி.சி. இருக்காது. மொத்தம் இருக்கும், பிடித்தம் இருக்கும், கையில் வருவது இருக்கும். என் எண்ணுக்கும் ஸ்லிப்பின் மொத்தத்துக்கும் ஒட்டவில்லை என்று பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. பின்னாளில் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தபோது இப்படி வந்த மூன்று பேரிடம் சொன்னேன். எத்தனை பேரிடம் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட்டால்தான் நியாயம், ஆனால் எண்ணி வைக்கவில்லை.

கோவைக்காரன் | 18 ஆகஸ்ட் 2025

நான் எப்போதும் இரண்டு எண்ணும் சொல்வேன், கூடவே பத்து சதவீதம் ஏற்றி.

கணக்குப்பிள்ளை | 18 ஆகஸ்ட் 2025

அந்தப் பத்து சதவீதம் பழைய கம்பெனியின் ஆஃபர் லெட்டரையோ உயர்வுக் கடிதத்தையோ கேட்கும் நாளில் கழுத்தைப் பிடிக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டி ஆஃபர் ரத்தானவர்கள் உண்டு.

நடுவீட்டு அம்மா | 24 ஆகஸ்ட் 2025

இங்கே படித்ததை வைத்து அந்தப் பன்னிரண்டு லட்சம் வீட்டில் பையனிடமே நேரே கேட்டேன். "தம்பி, வேரியபிள் எவ்வளவு?" அவன் அம்மா திரும்பிப் பார்த்தார். பையன் சிரித்துக்கொண்டே "இரண்டு லட்சம் ஆன்ட்டி, போன வருடம் பாதிதான் கொடுத்தார்கள். ஜாயினிங் போனஸ் ஒரு லட்சமும் அதற்குள்தான்" என்றான். எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. தரகரைப் பிடிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை | 24 ஆகஸ்ட் 2025

ஜாயினிங் போனஸ் முதல் வருடம் மட்டும். அடுத்த வருடம் எதுவும் உயராவிட்டால் அவன் பதினொன்றுக்கு இறங்கிவிடுவான். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கட்டச் சொல்லும் வரி கடிதத்தில் இருக்கும். பையன் உண்மை சொன்னான், அது பெரிய விஷயம்.

பொன்மலை ஐயாவும் வேரியபிள் பற்றி ஒன்று பார்த்து வையுங்கள். 50,000 என்பது உச்சமா, இலக்கா? கம்பெனி நன்றாகச் செய்தால் ஒரு பங்கு, அவன் மதிப்பெண்ணுக்கு ஒரு பங்கு என்று பெரும்பாலும் பிரித்திருப்பார்கள். ஜூலையில் சேர்ந்தவனுக்கு நிதியாண்டில் ஒன்பது மாதம்தான், ஆகவே முழுதும் கொடுத்தாலே 37,500. பணம் கொடுக்கும் நாளில் வேலையில் இருந்தால்தான் உண்டு என்ற வரியும் எங்காவது இருக்கும்.

பொன்மலை | 1 அக்டோபர் 2025

மறுபடியும் குறைந்துவிட்டது. 31,210. 1,250 போய்விட்டது. பாஸ்புக் நீங்கள் சொன்னபடி 1,800, 1,800, 0. அது நன்றாகத்தான் இருக்கிறது. இது என்ன புதிதாக?

கணக்குப்பிள்ளை | 1 அக்டோபர் 2025

தொழில் வரி. சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டினால் 1,250. ஒருவரிடம் வருடத்துக்கு 2,500க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பே எல்லை வைத்திருக்கிறது. மார்ச்சில் மறுபடி பயப்படாதீர்கள். கர்நாடகத்தில் மாதம் 200 என்று சில்லறையாகப் பிடிப்பார்கள், அங்கே யாரும் திடுக்கிடுவதில்லை.

முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். சொல்லியிருந்தால் ஒரு போன் கால் மிச்சம்.

கோவைக்காரன் | 23 நவம்பர் 2025

புதுத் தொழிலாளர் சட்டங்கள் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டன. பேசிக் பாதி இருக்க வேண்டுமாம். எல்லாருக்கும் பி.எஃப். கூடும், கையில் வருவது குறையும். எங்கள் அலுவலகக் குழுவில் ஒரே அழுகை.

கணக்குப்பிள்ளை | 25 நவம்பர் 2025

எல்லாருக்கும் இல்லை. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாக எண்ண வேண்டும் என்பதுதான் விதி. இந்தப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மாத மொத்தம் 34,260, பாதி 17,130. பேசிக் 16,000. ஆக ஊதியம் 1,130 ஏறுகிறது. பி.எஃப். 15,000 மீதுதான் பிடிக்கிறார்கள், அது 1,800லேயே நிற்கும். கையில் வருவது அசையாது. கிராஜுவிட்டிக் கணக்குதான் மாதம் ஐம்பது ரூபாய் சொச்சம் கூடும். முழு பேசிக்கின் மீது 12 சதவீதம் பிடிக்கும் கம்பெனிகளில்தான் கோவைக்காரர் சொல்லும் அழுகைக்கு இடம் உண்டு. அவர் கம்பெனி அப்படி என்றால் அழலாம்.

ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் எடுக்கப்படுபவருக்கு ஐந்து வருடம் வேண்டாம், ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி என்றும் வந்திருக்கிறது. ஆகஸ்டில் "காகிதப் பணம்" என்றதற்கு நான் ஆமாம் போட்டது அவர்களுக்கு இனிப் பொருந்தாது.

கோவைக்காரன் | 25 நவம்பர் 2025

வேரியபிளையும் அந்த மொத்தத்தில் சேர்க்க வேண்டும் என்கிறார் எங்கள் எச்.ஆர். அப்படியானால் பாதி என்பதே உயர்ந்துவிடுமே?

கணக்குப்பிள்ளை | 26 நவம்பர் 2025

எனக்குத் தெரிந்த பேரோல்காரர்கள் இருவர் இதில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், இருவரும் உறுதியாக. நான் இதில் பந்தயம் கட்ட மாட்டேன்.

யாழ்வாசி | 27 நவம்பர் 2025

இவ்வளவையும் வாசிச்ச பிறகு நான் கேக்கிறது ஒண்டுதான். அந்தப் பொடியன் வேலைக்குச் சேரும் நாளில் "மாதம் 32,460 கைக்கு வரும்" எண்டு ஒரு வரி எழுதிக் குடுக்க அந்தக் கொம்பனிக்கு என்ன கஷ்டம்?

கணக்குப்பிள்ளை | 27 நவம்பர் 2025

கஷ்டம் ஒன்றும் இல்லை. என் மென்பொருளில் அந்தப் பத்தி இருந்தது. அச்சடிக்கும்போது மறைத்துவிடச் சொல்வார்கள்.

பொன்மலை | 14 டிசம்பர் 2025

பக்கத்து வீட்டில் நேற்று இனிப்புக் கொடுத்தார்கள். அவர்கள் பையனுக்கு ஆறு லட்சமாம். நான் சும்மா இருந்திருக்கலாம். "அனெக்‌ஷர் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அது ஏதோ சர்டிபிகேட் என்று நினைத்து, கல்லூரியில் இன்னும் தரவில்லை என்றார்.